ஐம்பத்தாறு மணி நேர மிச்சமும் சொக்கம்மாளும்

திருவொற்றியூரில் எங்கள் சலவைத்தூள் கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். அதில் எட்டு வருஷமாக வேலைக்கு வராத ஒரு வாட்ச்மேனின் பெயர்கூட இருந்தது. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகும் சொக்கம்மாளின் பெயர் இல்லை. பதிவேட்டை எழுதியவன் நான்தான். என் பெயர் லூயிஸ். டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த வேலையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சொக்கம்மாளை எழுதக் கூடாது என்பதும் அந்தச் சம்பளத்தில் அடக்கம் என்று பிறகுதான் புரிந்தது.

சொக்கம்மாள் அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் மெஷின் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன்னால் சலவைத்தூளைப் பன்னிரண்டு பெண்கள் கையால் பாக்கெட்டில் அடைத்தார்கள். கரண்டியால் அள்ளி, தராசில் நிறுத்து, அட்டைப் பாக்கெட்டின் வாயை மடித்துப் பசை தடவி ஒட்டுவார்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு எட்டு மணி நேரம், ஆக தொண்ணூற்றாறு மணி நேரம். ஒரு நாளைக்கு நூற்றிருபது பெரிய பெட்டி நிரம்பும். கடைக்காரர்கள் அதற்கு மேல் கேட்டதுமில்லை, நாங்கள் அதற்கு மேல் தூள் கலக்கியதுமில்லை.

1968-இல் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் பரசுராமன் ஜெர்மனிக்குப் போய் வந்தார். போனவர் சும்மா வரவில்லை. தூளைத் தானே நிறுத்து, தானே அடைத்து, தானே ஒட்டும் ஒரு மெஷினை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தார். மறு வருஷம் ஜனவரியில், குளிர்ந்த ஒரு திங்கட்கிழமை, மெஷினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து ஓட்டிக் காட்டினார்கள். மவுண்ட் ரோட்டு ஏஜெண்ட் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் ஸ்டாப் வாட்சோடு வந்தார். காலை ஒன்பதிலிருந்து பத்து வரை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். மெஷின் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். மெஷின் ஒரு தடவைகூட முக்கவில்லை. அந்த ஒரு மணியை அவர் எட்டால் பெருக்கினார், பிறகு முந்நூறு நாளால் பெருக்கினார், பிறகு டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனார். கணக்கு இதுதான்: தொண்ணூற்றாறு மணி நேர வேலை இனி இருபத்து நான்கு மணி நேரத்தில் முடியும். தினமும் எழுபத்திரண்டு மணி நேரம் மிச்சம்.

எழுபத்திரண்டு என்ற எண்ணைப் பரசுராமன் ஒரு பலகையில் சிவப்புப் பெயிண்டால் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டினார். பன்னிரண்டு பெண்களுக்கும் நஷ்டஈடு கொடுத்து அனுப்பினார்கள். மெஷின் என்றைக்காவது நின்றுபோய்க் கையால் அடைக்கிற வேலை திரும்ப வந்தால் அந்தப் பன்னிரண்டு பேரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று யூனியன்காரர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். அப்போது அதைப் பார்த்து நான்கூடச் சிரித்தேன். ஜெர்மன் மெஷின் எங்கே நிற்கப்போகிறது?

பிப்ரவரி கடைசியில் நின்றது. காரணம் ஜெர்மனியில் இல்லாத ஒரு விஷயம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கள் பக்கம் கடல்காற்று திரும்பும். கம்பெனிச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடும் ஒரு குப்பமும்தான். அந்த ஈரக்காற்று பட்டதும் சலவைத்தூள் கட்டி தட்டிவிடும். மெஷினின் தலையில் இருக்கிற பெரிய புனலில் தூள் கீழே இறங்காமல் வளைவு கட்டி நிற்கும். கீழே குழாய் வாயில் பல்லில் ஒட்டின மாதிரி ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. அது காலிப் பாக்கெட்டை ஒழுங்காக மடித்து, ஒழுங்காக ஒட்டி, ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்கக் காற்றடைத்த பாக்கெட்டுகளை மீஞ்சூர்க் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு அவரிடம் நாங்கள் வாங்கிய வசவு இங்கே எழுதத் தகுந்ததல்ல.

அப்போதுதான் சொக்கம்மாள் உள்ளே வந்தாள். காண்ட்ராக்டர் தாவூது பெருக்குவதற்கு ஆறு பேரை அனுப்புவார். அதில் ஒருத்தி. பக்கத்துக் குப்பத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். மெஷின் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்தவள், மெக்கானிக் இன்னாசி ஏணி மேல் ஏறி ஸ்பானரால் புனலைத் தட்டித் தட்டி வியர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, இரும்பால தட்டினா இன்னும் இறுகிப் பூடும். தள்ளு" என்று ஏறினாளாம். இடுப்பில் செருகியிருந்த, வலை பின்னுகிற மர ஊசியை எடுத்துக் குழாய் வாய்க்குள் விட்டு ஒரு சுழற்று. தூள் மளமளவென்று இறங்கியது.

அன்றிலிருந்து அவள் மெஷின் பின்னாலேயே நின்றுவிட்டாள். விடிந்ததும் ஆறு மணிக்கு வந்து முந்தின நாள் இறுகின தூளைச் சுரண்டுவாள். பதினொன்றரைக்கே புனலின் வாயில் காய்ந்த கோணிப்பையைக் கட்டிவிடுவாள். எங்கிருந்தோ ஒரு இருநூறு வாட் பல்பைக் கொண்டுவந்து புனலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுச் சூடு காட்டினாள். சத்தத்தைக் கேட்டே குழாய் அடைக்கப்போகிறது என்று சொல்வாள். சாப்பாட்டையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். வருகிற விருந்தாளிகளுக்குப் பரசுராமன் மெஷினின் முன்பக்கத்தை மட்டும் காட்டுவார். முன்பக்கத்தில் மூன்று பேர்தான். எழுபத்திரண்டு என்ற பலகையும் முன்பக்கம் பார்த்தபடிதான் தொங்கியது.

தாவூதின் பில்லில் "பெருக்குதல், ஆறு ஆள்" என்று வரும். நான் அப்படியே எழுதிவிடுவேன். ஒரு தடவை அவள் கை மெஷினின் மடிப்புத் தகட்டில் மாட்டி நகம் பிய்ந்துவிட்டது. மருந்து அறைக்குப் போனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு டிங்சர் கிடையாது என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். பெருக்குகிறவள் மெஷினில் கையை ஏன் விட்டாள் என்று எழுத வேண்டிவரும், எதற்கு வம்பு என்று நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன்.

குப்பத்திலும் அவளுக்கு நிம்மதி இல்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பன்னிரண்டு பேரில் நாலு பேர் அதே குப்பம். அதில் கோவிந்தம்மா என்பவள் குழாயடியில் சொக்கம்மாளைப் பார்த்தாலே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம். "எங்க சோத்துல மண்ணப் போட்ட மிஷினுக்கு இவ ஆயா வேல பாக்கறா" என்பது அவள் பேச்சு. அதில் தப்பும் இல்லை.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. 1971 மார்ச்சில் கல்கத்தா தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஏஜெண்ட் கம்பெனியோடு போட்டிருந்த பராமரிப்பு ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கலாமா, அல்லது மெஷினை நிறுத்திவிடலாமா? ஒரு வாரம் நேரில் கவனித்து, மெஷின் உண்மையில் எத்தனை மணி நேரம் மிச்சம் பிடிக்கிறது, அதை ஓட்ட என்ன செலவாகிறது என்று எழுதி அனுப்பவும்.

பரசுராமன் என்னைக் கூப்பிட்டார்.

"லூயிஸ், இதை நிரப்பிடுங்க. எழுபத்திரண்டு. பலகையிலயே இருக்கு, நடந்து போய்ப் பார்த்து எழுதினாலும் நேர்ல கவனிச்சதுதான்."

"சார், ஒரு வாரத்து வேலைச் சீட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"அப்ப சேருங்க. மெஷின் வாங்கின ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தையும் கொட்டை எழுத்துல எழுதுங்க. அவ்வளவு பணம் போட்டதை நிறுத்துவாங்களா?"

படிவத்தின் மூன்றாவது பத்தியில் தெளிவாகவே போட்டிருந்தது: "ஏற்கெனவே செலவழித்த கொள்முதல் விலையைச் சேர்க்க வேண்டாம், நிறுத்தினாலும் அது திரும்பி வராது. இனி ஆகப்போகும் செலவை மட்டும் எழுதவும்." நான் அதை வாசித்துக் காட்டினேன். மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. கல்கத்தாவில் ஒருத்தனாவது யோசிக்கிறான் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

செலவுக் கணக்கு சுலபம். ஒப்பந்தத்துக்கு வருஷம் ஆறாயிரம், உதிரிபாகத்துக்கு நாலாயிரம், கரண்டும் பசையும் ஆயிரத்து இருநூற்றைம்பது. மொத்தம் பதினோராயிரத்து இருநூற்றைம்பது. முந்நூறு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு முப்பத்தேழரை ரூபாய். பாக்கெட் அடைக்கிற பெண்ணுக்காகக் கம்பெனிக்கு ஆகிற செலவு மணிக்கு எழுபத்தைந்து காசு. ஆக, மெஷின் தன் செலவுக்காவது கட்டுப்படியாக வேண்டுமென்றால் தினமும் ஐம்பது மணி நேரம் மிச்சம் பிடித்தாக வேண்டும். ஐம்பதுக்கு மேலே போனால் வைத்துக்கொள்ளலாம். கீழே வந்தால் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு பெண்களைக் கூப்பிடுவது லாபம். இது என் கண்டுபிடிப்பு அல்ல, படிவத்திலேயே இருக்கிற வழி.

மணிக்கணக்குதான் சங்கடம். வேலைச் சீட்டுகளைப் புரட்டினேன். மெஷினின் எண் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றில் மூன்று பேரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் "இதர வேலை" என்று தொண்ணூற்றொன்பதாம் எண் ஒன்று உண்டு. அதில் மணி நேரம் குவிந்து கிடந்தது. மெக்கானிக் இன்னாசியைக் கேட்டேன். அவன் என் ஊர்க்காரன், ராயபுரம் கல்மண்டபத்தில் அடுத்த தெரு.

"இன்னா இன்னாசி, தெனம் ஆறு மணி நேரம் இதர வேலை, இதர வேலைன்னு எயுதிகினு கீறே. அது இன்னா வேல?"

"எல்லாம் அந்த மிஷினுக்குத்தான் மாமு. மொத மாசம் நாப்பத்தொண்ணுன்னு ஒயுங்காதான் எயுதினேன். மேனேஜர் கூப்ட்டு, புது மிஷினுக்கு இன்னாடா ரிப்பேருன்னு காச்சி எடுத்துட்டாரு. அத்தோட நம்பர மாத்திட்டேன். மிஷினும் பேஜார் பண்ணல, மேனேஜரும் பேஜார் பண்ணல."

எழுபத்திரண்டு என்ற பலகை இப்படித்தான் இரண்டு வருஷம் விழாமல் தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது. இன்னாசி மேல் இல்லை, என் மேல்தான். அந்தச் சீட்டுகளைக் கூட்டி, கீழே கோடு போட்டு, கையெழுத்துப் போட்டவன் நான் அல்லவா?

ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதிலிருந்து பத்து வரை அல்ல, காலையிலிருந்து ஷிப்டு முடிகிற வரை, ஆறு நாளும். இன்னாசி, ஆறு மணி நேரம். கட்டி தட்டிய தூளைச் சலிக்கிற இரண்டு ஆள், ஆளுக்கு மூன்று. எடை குறைந்ததையும் பிய்ந்ததையும் பிரித்துத் திரும்ப அடைக்க இன்னொரு ஆள், நாலு மணி நேரம். ஆகப் பதினாறு. எழுபத்திரண்டில் பதினாறு போனால் ஐம்பத்தாறு. ஐம்பதுக்கு மேலேதான் நின்றது. மெஷின் பிழைத்துக்கொண்டது.

ஸ்டூலில் உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் ஏணி மேல் சொக்கம்மாள் தெரிந்தாள். காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை, சாப்பாட்டு நேரம் போகப் பத்து மணி நேரம். அதையும் கழித்தால் நாற்பத்தாறு. மெஷின் செத்தது.

இரண்டு நாள் நான் நாற்பத்தாறையும் ஐம்பத்தாறையும் வைத்துக்கொண்டு திண்டாடினேன். அவளை எழுதினால் மெஷின் நிற்கும். பன்னிரண்டு பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டில் அவள் இல்லை. மெஷின் வந்த பிறகு வந்தவள். மெஷின் போனால் அவளும் போக வேண்டியதுதான். எழுதாவிட்டால் அவள் ஏணி மேலேயே இருப்பாள், இல்லாதவளாக. அவளிடமே கேட்டுவிட முடிவு செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இப்ப இன்னா சார் சொல்றே? எம்பேர எயுதினா அந்தப் பன்னெண்டு பேரும் வந்துடுவாங்களா?"

"வரணும். யூனியன் பேப்பர் கீது."

"எனிக்கி?"

"உனக்கு இல்ல சொக்கம்மா. அதத்தான் சொல்லிகினு கீறேன்."

கொஞ்ச நேரம் குழாய்ச் சத்தத்தைக் கேட்டாள். ஊசியை எடுத்து ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"ரெண்டு வருசமா இந்தச் சனியனக் கட்டி மேச்சிகினு கீறேன். கேட்டா, பெருக்கறவன்னு சொல்றீங்க. வூட்ல கேட்டா, நீ அங்க இன்னாதான் பண்றேன்னு எம் புருசனே சிரிக்கிறான். எயுது சார். நான் இங்க கீறேன்னு ஒரு பேப்பர்ல வரட்டும். அப்பால கோயிந்தம்மா கொடத்த எடுத்துகினு ஓட மாட்டா."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு மார்பு விம்மிவிட்டது. நான் ஏதோ பெரிய நியாயஸ்தன் ஆகிவிட்ட மாதிரி. அந்தப் பெருமிதத்தில்தான் என் வாழ்நாளின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன்.

இன்னாசியையும் சலிக்கிறவர்களையும் வேலைவாரியாகப் போட்டு வரிசை வரிசையாக எழுதிய நான், அவளுக்கு மட்டும் ஏழாவது வரிசையைத் தனியாக ஒதுக்கி, முத்து முத்தான கையெழுத்தில் பெயரோடு எழுதினேன்: "சொக்கம்மாள், காண்ட்ராக்ட், பத்து மணி நேரம்." அடியில் ஒரு கோடு. நிகர மிச்சம் நாற்பத்தாறு. அவள் அந்தப் பத்து மணி நேரத்தில் என்ன செய்கிறாள், செய்யாவிட்டால் மத்தியானம் மெஷினுக்கு என்ன ஆகும் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் நானும் எழுதவில்லை. குமாஸ்தா புத்தி.

பரசுராமன் படித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஏழாவது வரிசையில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, "அனுப்புங்க" என்றார். அந்த விரலைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாளில் கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. மிகவும் நேர்மையான அறிக்கை என்று என்னைப் பாராட்டியிருந்தார்கள். அடுத்த வரி: "ஏழாவது இனத்தில் கண்ட பத்து மணி நேரம் தவிர்க்கக்கூடிய செலவு என்று கருதுகிறோம். அதை உடனே நீக்கவும். நீக்கியபின் நிகர மிச்சம் ஐம்பத்தாறு மணி நேரம் ஆவதால் இயந்திரம் பராமரிக்கத் தகுந்ததே. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும்."

நான் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கணக்கில் ஒரு பிழை கிடையாது. நாற்பத்தாறோடு பத்தைக் கூட்டினால் ஐம்பத்தாறுதான். பெயர் போட்டுத் தனி வரிசையில் வைத்தது நான்; ஒரே கோட்டில் அடிப்பதற்கு வசதியாக.

சொக்கம்மாளிடம் நான்தான் சொன்னேன். அவள் பல்பை அணைத்தாள், கோணிப்பையை மடித்து ஏணி மேல் வைத்தாள், மர ஊசியை இடுப்பில் செருகினாள். வாசல் கேட்டுக்குப் போகும்போது திரும்பி, "அப்ப அந்தப் பன்னெண்டு பேரு?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவள் போனது சனிக்கிழமை. திங்கட்கிழமை பன்னிரண்டே காலுக்கு மெஷின் அடைத்துக்கொண்டது. இன்னாசி ஸ்பானரோடு ஏணி ஏறினான், இறங்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று பேர் ஏறினார்கள். நூற்றிருபது பெட்டி ஐம்பதானது. மிச்சத்தை அடைக்கத் தூள் கலக்குகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள் என்று கையில் அகப்பட்ட எல்லோரையும் உட்கார வைத்துக் கரண்டி கொடுத்தார்கள். ஆறடி ஆள்கள் பசைக் கிண்ணத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த காட்சி கண்கொள்ளாது. கையால் அடைத்தது என்று எழுதினால் யூனியன் காகிதம் வெளியே வரும் என்பதால் எல்லோரும் வேலைச் சீட்டில் தொண்ணூற்றொன்பது என்றே எழுதினார்கள். அந்த வாரம் நான் யாரும் சொல்லாமலே கணக்கெடுத்தேன். எழுபத்திரண்டிலிருந்து கழிக்க வேண்டியது பதினாறு அல்ல, ஐம்பத்திரண்டு. பத்து மணி நேரத்தை நீக்கியதில் முப்பத்தாறு மணி நேரம் கூடியிருந்தது. மெஷின் மிச்சம் பிடித்தது வெறும் இருபது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், இதை கல்கத்தாவுக்கு அனுப்பணும். அந்தம்மா செலவு இல்ல சார். அவங்க இருந்ததாலதான் ஐம்பத்தாறாவது வந்துது."

"லூயிஸ், இந்த வாரம் வழக்கமான வாரம் இல்ல. அதனால கணக்குல சேராது."

"ஏன் சார் வழக்கமா இல்ல?"

"அவ இல்லையே" என்றார், கூசாமல்.

ஆனால் பெட்டி குறைந்தால் அவர் தலைதான் உருளும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது வாரம் தாவூதைக் கூப்பிட்டு அவளைத் திரும்ப அழைத்து வரச் சொன்னார். தாவூது போனார். அவள் குப்பத்துக்கு வெளியே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். "வர்றேன். ஆனா பெருக்கறவன்னு வர மாட்டேன் பாய். மிஷினுக்குன்னு எயுதணும். எயுதினத எனிக்குக் காட்டணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

பரசுராமன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். ஆள் கணக்கில் அவளை எழுதினால் மிச்சம் மறுபடி நாற்பத்தாறு. கல்கத்தா நீக்கு என்ற ஆளைத் திரும்ப வைத்ததும் தெரிந்துவிடும். பெருக்குதலிலும் எழுத முடியாது. இனிமேல் தாவூதின் பில்லில் ஐந்து ஆள்தான் என்று கடிதத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. உதிரிபாகத்துக்கு ஒதுக்கிய நாலாயிரம் ரூபாய் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய சாமானுக்கு இறக்குமதி லைசென்ஸ் இரண்டு வருஷமாக வரவில்லை; பணம் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. அவளுடைய கூலி வருஷத்துக்குத் தொள்ளாயிரம் ரூபாய்.

"அதுல போடுங்க. செலவு ஏறாது, மணி நேரமும் குறையாது" என்றார். உண்மையிலேயே புத்திசாலி. அந்தப் புத்தியைப் புனல் வாயைச் சரிசெய்வதில் காட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

தாவூதின் புது பில்லை நான்தான் உதிரிபாகப் பேரேட்டில் ஏற்றினேன். இயந்திரம் எண் நாற்பத்தொன்று. புனல் அடைப்பு நீக்கும் உதிரிபாகம். உள்நாட்டுத் தயாரிப்பு. எண்ணிக்கை ஒன்று. மேல் வரியில் பல் சக்கரம் இரண்டு, கீழ் வரியில் ரப்பர் வளையம் ஆறு.

மறுநாள் அவள் வந்தாள். நேராக என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். புதுச்சேலை கட்டியிருந்தாள்.

"எயுதிட்டியா சார்?"

"எழுதிட்டேன்."

"காட்டு."

பேரேட்டைத் திறந்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்காமலே விட்டிருக்கலாம். "இதுதான் உன் பேரு" என்று விரலால் காட்டினால் முடிந்தது. ஏற்கெனவே ஒரு தடவை அழகாக எழுதி அவளைக் கெடுத்தவன் என்பதால் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. உள்ளது உள்ளபடி வாசித்தேன். உதிரிபாகம் என்றால் என்ன என்று கேட்டாள். ஸ்பேர் பார்ட் என்றேன்.

அவள் சிரிப்பாள் என்றோ திட்டுவாள் என்றோ எதிர்பார்த்தேன். அந்த வரியை ஆள்காட்டி விரலால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"மிஷினுக்குன்னுதான எயுதிக்கீது?"

"ஆமா."

"ஸ்பேருன்னா, தேஞ்சிப் போனா வேற வாங்கி மாட்டுவீங்க. அதான சார்?"

நான் பேரேட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் பதிலுக்காக நிற்கவில்லை. மணி ஆறேகால் ஆகிவிட்டது என்று ஏணிப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து அதே படிவம் வந்தது. நிகர மிச்சம் ஐம்பத்தாறு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை அவர்கள் நீக்குவதற்கு ஒரு வரியும் இல்லை.